பதினைந்து மார்க் கேள்வி

வேட்டையை விட்டு விவசாயத்துக்கு வந்ததால் சமூகம் எப்படி மாறியது? தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் விடையை மண்ணும் எலும்பும் மலைக்காடும் திருத்துகின்றன. ஸ்ரீவராகத்தின் ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தத் திருத்தல் நடக்கிறது.

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே, ஸ்ரீவராகம் கோயில் குளத்தைச் சுற்றிச் செல்லும் தெருக்களில் ஒன்று. காலை ஆறரை மணி. ஓட்டு வீட்டின் திண்ணையில் ஏழெட்டுப் பேர் காகிதமும் பேனாவுமாகக் குனிந்திருக்கிறார்கள். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிப்பவர்கள் பாதி. கல்லூரி விரிவுரையாளர் தகுதித் தேர்வு எழுதப்போகிறவர்கள் மீதி. நாகர்கோவிலிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள். கரும்பலகையில் இருப்பது ஒரே ஒரு கேள்வி: "வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த மனிதர்கள் விவசாயத்துக்கு மாறியதன் சமூக விளைவுகளை விவாதிக்க. 250 வார்த்தைகள். 15 மதிப்பெண்கள்."

கேள்வியைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாணவர்களுக்கு அவர் வெறும் "டீச்சர்". அவருக்கு மாணவர்கள் எல்லோரும் "மக்களே".

அரை மணி நேரத்தில் தாள்கள் கைக்கு வருகின்றன. படிக்கப் படிக்க டீச்சரின் உதட்டில் ஒரு சிரிப்பு. எட்டுத் தாள்களிலும் கிட்டத்தட்ட ஒரே விடை. மனிதன் பசியோடு அலைந்தான். விதை முளைப்பதைக் கண்டான். பயிரிட்டான். ஓரிடத்தில் தங்கினான். உபரி விளைந்தது. உபரியால் வர்க்கம் வந்தது, தொழில் பிரிவு வந்தது, அரசு வந்தது, நகரம் வந்தது. சுபம்.

"தப்புன்னு சொல்ல மாட்டேன் மக்களே. ஆனா இது ரயில் கால அட்டவணை மாதிரி இருக்கு. ஒரு ஸ்டேஷனுக்கு அடுத்தது இன்னொரு ஸ்டேஷன். ரயில் அப்படி ஓடவே இல்லையே" என்கிறார்.

இந்த அட்டவணையின் மூலம் எது என்பது வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். 1936-இல் கார்டன் சைல்டு என்ற தொல்லியல் அறிஞர் எழுதிய ஒரு புத்தகம், விவசாயத்தின் வருகையைப் "புதிய கற்காலப் புரட்சி" என்று வர்ணித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த அகழாய்வுகள் அந்தப் புரட்சியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டன. டீச்சர் மாணவர்களுக்குக் காட்டுவது அந்தத் துண்டுகளில் மூன்றைத்தான். ஒன்று தெக்காணத்துச் சாம்பல் மேடு. இன்னொன்று சிரியாவில் கிடைத்த எலும்புக்கூடுகள். மூன்றாவது, ஸ்ரீவராகத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய அச்சன்கோவில் மலைக்காடு.

மாடு முதலில், வயல் பிறகு

திருத்தல் முதல் வரியிலேயே ஆரம்பிக்கிறது. "விதை முளைப்பதைக் கண்டு பயிரிட்டான்" என்ற வரி. விதை முளைக்கும் என்பது காட்டில் கிழங்கு தோண்டிய எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். அதைக் கண்டுபிடிக்க யாரும் பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தும் ஏன் பயிரிடாமல் இருந்தார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி.

மாற்றம் ஒரே தாவலில் நடக்கவில்லை என்பதற்குத் தென்னிந்தியாவே நல்ல சாட்சி. தெலங்கானாவிலும் வட கர்நாடகத்திலும் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் இருக்கின்றன. நெடுங்காலம் அவை என்னவென்று புரியாமல் எரிமலைச் சாம்பல் என்றுகூடச் சொன்னார்கள். 1957-இல் ரேமண்ட் ஆல்ச்சின் என்ற பிரிட்டிஷ் அறிஞர் உத்நூர் என்ற இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டினார். உள்ளே வேலிக்கம்பம் நட்ட குழிகள் வரிசையாக இருந்தன. மண்ணில் மாடுகளின் குளம்புத் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. அது ஒரு மாட்டுப்பட்டி. சாணம் குவியக் குவிய அவ்வப்போது தீ வைத்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல்தான் மேடாகி நிற்கிறது.

இந்த மாடு வளர்ப்பவர்கள் கி.மு. மூன்றாவது ஆயிரமாண்டைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஊர்களின் மண்ணைச் சலித்துக் கருகிய தானியங்களைத் தேடிய டோரியன் ஃபுல்லரும் ரவி கோரிசெட்டரும் இன்னொரு உண்மையைச் சொன்னார்கள். தென்னிந்தியாவின் முதல் பயிர்கள் நெல்லோ கோதுமையோ அல்ல. இங்கேயே காட்டில் விளைந்த இரண்டு சிறுதானியப் புற்கள், பாசிப்பயறு, கொள்ளு. கன்னடத்தில் கொறலே என்று இன்றும் அழைக்கப்படும் சிறுதானியம் அவற்றில் ஒன்று. கோதுமையும் வார்கோதுமையும் வடக்கிலிருந்து பிறகு வந்து சேர்ந்தன.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முகவரி உண்டு. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் பையம்பள்ளி. 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, புதிய கற்காலத்து மக்கள் வாழ்ந்த குழிவீடுகளும் கற்கோடரிகளும் கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. பள்ளிப் புத்தகத்தில் இந்த ஊர் ஓர் அட்டவணையில் ஒரு வரியாக வந்து போகும். மாணவர்கள் கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்துவிடுவார்கள்.

நெல்? தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அதாவது தெக்காணத்தில் மாட்டுப்பட்டி போட்டவர்களுக்கும் இந்த நெல்லுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் மாடு மேய்த்தார்கள், கொஞ்சம் கொள்ளு விதைத்தார்கள், வேட்டையும் ஆடினார்கள்.

"ஆகவே முதல் பத்தியில என்ன எழுதணும்?" என்று கேட்கிறார் டீச்சர். "மாற்றம் ஒரு சம்பவம் இல்ல, ஒரு நீண்ட கலவைன்னு எழுதணும்" என்கிறாள் வள்ளியூர்ப் பெண். "அது மட்டும் எழுதினா கதை. பையம்பள்ளின்னு சேர்த்து எழுதினா விடை" என்கிறார் டீச்சர்.

உரலில் தேய்ந்த விரல்

இரண்டாவது திருத்தல் "வாழ்க்கை வசதியானது" என்ற வரிக்கு. இதற்காக டீச்சர் மாணவர்களைச் சிரியாவுக்கு அழைத்துப் போகிறார்.

யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த அபு ஹுரேரா என்ற மேட்டை 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் தலைமையில் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். காரணம், தப்கா அணையின் நீர் ஏறிக்கொண்டிருந்தது. இன்று அந்த இடம் ஏரிக்கு அடியில் இருக்கிறது. ஆனால் எடுத்தவரை போதும் என்று சொல்லுமளவுக்கு அங்கே விஷயம் கிடைத்தது. ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, வேட்டைக்காரர்களின் ஊரும் விவசாயிகளின் ஊரும் இருந்தன.

கீழே இருந்த ஊர் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தையது. அவர்கள் பயிர் செய்தவர்கள் அல்ல. மான் இனத்தைச் சேர்ந்த கெசல் விலங்குகள் வலசை வரும்போது கூட்டமாக மடக்கிக் கொன்றார்கள். காட்டுத் தானியங்களும் விதைகளுமாக நூற்றுக்கு மேற்பட்ட தாவர வகைகளைச் சேகரித்தார்கள். இருந்தும் ஓரிடத்தில் தங்கி வாழ்ந்தார்கள். தெக்காணத்தில் மாடு முதலில், வயல் பிறகு. இங்கே வீடு முதலில், வயல் பிறகு. பயிரிட்டதால்தான் தங்கினார்கள் என்ற சூத்திரம் இங்கே தலைகீழாகிறது. மேலே இருந்த விவசாய ஊரிலும் கெசல் வேட்டை உடனே நிற்கவில்லை. சுமார் ஆயிரம் ஆண்டுகள் பயிரும் வேட்டையும் சேர்ந்தே நடந்த பிறகுதான் செம்மறியும் வெள்ளாடும் அந்த இடத்தைப் பிடித்தன.

சமூக விளைவு எங்கே தெரிகிறது? எலும்பில். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தியா மொலசன் ஆராய்ந்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டார். பலருடைய கால் கட்டைவிரல் மூட்டு தேய்ந்து வீங்கியிருந்தது. முழங்கால் எலும்பில் கூடுதல் அழுத்தத்தின் தடம். முதுகெலும்பின் கீழ்ப்பகுதி சேதமடைந்திருந்தது. இந்த மூன்றும் ஒருசேர வர ஒரே காரணம்தான் பொருந்தியது. தரையில் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, முன்னால் சாய்ந்து, அம்மி போன்ற கல்லில் தானியத்தை முன்னும் பின்னுமாக மணிக்கணக்கில் அரைப்பது.

தேய்ந்த எலும்புகள் யாருடையவை? பெரும்பாலும் அளவில் சிறியவை, பெண்களுடையவை. அரைக்கும் வேலை பெண்களின் தலையில் விழுந்திருக்கிறது. எந்தச் சட்டமும் சாஸ்திரமும் எழுதப்படுவதற்கு முன்பே, வேலைப் பிரிவினை கால் விரலில் எழுதப்பட்டுவிட்டது.

பற்களும் ஒரு கதை சொல்கின்றன. ஆரம்பத்தில் கல்துகள் கலந்த மாவைத் தின்று பற்கள் உடைந்தும் தேய்ந்தும் போயின. பிறகு சல்லடை வந்ததும் அந்தத் தேய்மானம் குறைந்தது. மண்பானை வந்ததும் கஞ்சி வந்தது. பல் தேய்மானத்துக்குப் பதிலாகச் சொத்தை வந்தது. ஆனால் கஞ்சி இன்னொன்றையும் செய்தது. பல் முளைக்காத குழந்தைக்கும் ஊட்ட முடிந்தது.

இதில்தான் மக்கள்தொகைப் பெருக்கத்தின் சாவி இருக்கிறது என்று டீச்சர் நிறுத்தி விளக்குகிறார். அலைந்து திரியும் சமூகத்தில் தாய் ஒரு குழந்தையை இடுப்பில் சுமக்கலாம், இரண்டைச் சுமக்க முடியாது. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்துக் குங் மக்களிடையே 1960-களில் நடந்த ஆய்வுகளில், இரண்டு பிரசவங்களுக்கு நடுவே ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளி இருந்தது. நெடுநாள் தாய்ப்பால் அதற்கு ஒரு காரணம். கஞ்சி ஊட்டி முன்னதாகவே பால் மறக்கடித்தால் அடுத்த கர்ப்பம் சீக்கிரம் வரும். ஓரிடத்தில் குடியிருந்தால் சுமக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிள்ளைகள் கூடின. கூடவே ஒரே இடத்தில் பலர் நெருங்கி வாழ்ந்ததால் தொற்றுநோயும் கூடியது. ஒவ்வொருவரின் உடல்நலம் குறைந்தபோதும் மொத்த எண்ணிக்கை ஏறியது. விவசாயம் வென்றது வசதியால் அல்ல, எண்ணிக்கையால்.

"அப்ப வேட்டை வாழ்க்கைதான் சொர்க்கமா டீச்சர்?" நெடுமங்காட்டுக்காரப் பையன் விடவில்லை.

அந்த வாதமும் உண்டு. 1966-இல் சிகாகோவில் நடந்த ஒரு மாநாட்டில் மார்ஷல் சாலின்ஸ், வேட்டைச் சமூகங்கள்தான் "ஆதிச் செல்வச் சமூகம்" என்று வாதிட்டார். குங் மக்கள் உணவு தேட வாரத்தில் இரண்டு மூன்று நாட்களே செலவிடுகிறார்கள் என்ற ரிச்சர்ட் லீயின் கணக்கு அதற்கு ஆதாரம். ஆனால் அந்தக் கணக்கில் கொட்டை உடைப்பது, சமைப்பது, விறகு பொறுக்குவது, கருவி செய்வது எதுவும் சேரவில்லை. அதையெல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. "சொர்க்கம்னு எழுதினாலும் மார்க் போகும், நரகம்னு எழுதினாலும் போகும்" என்று பையனை உட்கார வைக்கிறார் டீச்சர்.

தொள்ளாயிரம் கிலோ கணக்கு

மூன்றாவது திருத்தல்தான் முக்கியமானது. "உபரி வந்தது, அதனால் ஏற்றத்தாழ்வு வந்தது." எல்லாத் தாளிலும் இருக்கும் வரி. ஏன் வர வேண்டும் என்று எந்தத் தாளிலும் இல்லை.

டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுகிறார். ஐந்து பேர் கொண்ட குடும்பம். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ தானியம். குடும்பத்துக்கு இரண்டரைக் கிலோ. வருஷத்துக்குத் தொள்ளாயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அறுவடை வருஷத்தில் ஒரு முறைதான் என்றால் அவ்வளவும் ஒரே சமயத்தில் வீட்டுக்கு வருகிறது. ஓர் ஆள் 25 கிலோ சுமப்பார் என்றால் முப்பத்தாறு சுமை. இதைத் தூக்கிக்கொண்டு யாரும் இடம் மாற முடியாது. எலியிடமிருந்தும் மழையிடமிருந்தும் பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்தும் இதைக் காக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கை விதைக்கென்று ஒதுக்கினால் தொண்ணூறு கிலோ. பிள்ளை பசியால் அழுதாலும் அந்தத் தொண்ணூறு கிலோவில் கை வைக்கக் கூடாது.

"கை வைக்காதேன்னு யாரோ ஒருத்தர் சொல்லணும் இல்லையா? அந்த ஆள் யாரு?" என்று கேட்கிறார்.

இதுதான் சமூக விளைவின் கரு. விதைத்தவன் நான்கைந்து மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்கு, இந்த வயல் எனக்கு என்ற உத்தரவாதம் வேண்டும். அறுவடை நேரத்தில் கை கொடுக்க ஆள் வேண்டும். ஆகவே மருமகன் வேண்டும், மருமகள் வேண்டும், கல்யாணத்தைப் பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டும். தானியக் குதிரின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். சொத்து, வாரிசு, மூத்தோர் அதிகாரம், பெண்ணின் மேல் கட்டுப்பாடு எல்லாம் இந்தக் காத்திருப்பிலிருந்து கிளைக்கின்றன.

ஜேம்ஸ் உட்பர்ன் என்ற மானுடவியலாளர் 1982-இல் இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார். சமூகங்களை வேட்டை, விவசாயம் என்று பிரிக்காமல், உடனடிப் பலன் சமூகம், தாமதப் பலன் சமூகம் என்று பிரித்தார். இன்று தேடியதை இன்றோ நாளையோ தின்றுவிடுவது முதல் வகை. இன்றைய உழைப்புக்கு மாதங்கள் கழித்துப் பலன் வருவது இரண்டாவது வகை. விவசாயிகள் எல்லோரும் இரண்டாவது வகை. ஆனால் வேட்டைக்காரர்கள் எல்லோரும் முதல் வகை அல்ல. வட அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையில் வாழ்ந்த பழங்குடிகள் உணவுப் பயிர் எதுவும் வைக்கவில்லை. ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீனைப் பிடித்து உலர்த்திச் சேமித்தார்கள். அவர்களிடையே பரம்பரைத் தலைவர்கள் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். ஆக, ஏற்றத்தாழ்வைக் கொண்டுவந்தது கலப்பை என்பதைவிடக் களஞ்சியம் என்பதே பொருத்தம்.

உட்பர்ன் முதல் வகைக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆறு சமூகங்களைச் சொன்னார். ஆப்பிரிக்காவின் ஹாட்ஸா, குங், ம்புட்டி. மலேசியாவின் பாத்தேக். மீதி இரண்டு? டீச்சர் பேனாவை மேற்குத் தொடர்ச்சி மலையின் திசையில் நீட்டுகிறார். ஒன்று பளியர். இன்னொன்று மலைப்பண்டாரம்.

அச்சன்கோவில் காட்டில்

பழனி மலையிலும் அதைச் சுற்றியும் வாழும் பளியரைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். மலைப்பண்டாரங்கள் அச்சன்கோவில், கோந்நி, ரான்னி காடுகளில் வாழ்பவர்கள். 1970-களில் அவர்களோடு தங்கி ஆய்வு செய்தவர் பிரிட்டனைச் சேர்ந்த பிரயன் மோரிஸ். 1982-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதன் தலைப்பே டீச்சரின் நான்காவது திருத்தலைச் செய்துவிடுகிறது: "வன வணிகர்கள்."

மோரிஸ் பார்த்த மலைப்பண்டாரங்கள் ஒரு சில குடும்பங்களாகச் சேர்ந்து இலைக் குடிசை போட்டுச் சில நாட்களோ வாரங்களோ தங்கி, பிறகு நகர்ந்தார்கள். காட்டுவள்ளிக் கிழங்கு தோண்டினார்கள். சிறு விலங்குகளை வேட்டையாடினார்கள். சேர்த்து வைக்க எதுவும் இல்லை, பூட்டி வைக்கவும் இல்லை. தலைவன் என்று யாரும் கட்டளையிடவில்லை. சண்டை வந்தால் பஞ்சாயத்துக் கூடவில்லை. ஒரு குடும்பம் எழுந்து வேறு பக்கம் போய்விட்டது. குழந்தையையும் தனி மனிதராகவே நடத்தினார்கள். எட்டுத் தாளிலும் "நாகரிகமற்ற கூட்டம்" என்று எழுதப்பட்டிருந்த இடத்தில், ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்யாத ஒரு சமூகம் நிற்கிறது.

ஆனால் அவர்களைக் கற்காலத்தின் மிச்சம் என்று நினைத்தால் அது இன்னொரு பிழை. அவர்கள் சேகரித்த தேனும் குங்கிலியமும் ஏலமும் மலையிறங்கிச் சமவெளிக்குப் போயின. பதிலுக்கு அரிசியும் துணியும் இரும்பும் மேலேறின. இது நேற்றைய ஏற்பாடு அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் முசிறித் துறைமுகத்தில் யவனர்கள் ஏற்றிச் சென்ற மிளகு மலைச்சரிவுகளிலிருந்து வந்தது. சமவெளி நெல் விளைவித்த காலம் முழுவதும் மலை அதற்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மலைப்பண்டாரங்கள் விவசாயம் தெரியாமல் பின்தங்கிப் போனவர்கள் அல்ல. விவசாய உலகத்தின் ஓரத்தில், அதோடு வியாபாரம் செய்துகொண்டே, அதன் கட்டளைக்கு எட்டாமல் நின்றவர்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. சங்க இலக்கியத்தின் திணைப் பாகுபாடு என்ன சொல்கிறது? குறிஞ்சியில் வேட்டை, தேன், கூடவே தினைப்புனம். முல்லையில் மாடு மேய்ப்பு. மருதத்தில் நெல்வயல். இவை ஒன்றன் பின் ஒன்றாக வந்த படிகளாகச் சொல்லப்படவில்லை. ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்து நிலங்களில் இருந்த வாழ்க்கைகள். வேட்டையாடும் குறிஞ்சியிலேயே தினை விளைகிறது. கிளி ஓட்டப் பெண்கள் பரணில் இருக்கிறார்கள். மருதத்தில்தான் செல்வரும் விழாவும் பரத்தையர் வீடும் வருகின்றன. களஞ்சியம் இருக்கும் நிலத்தில்தான் பொறாமைக்கும் இடம் இருந்தது என்று ஒரு மாணவி சொல்ல, திண்ணை சிரிக்கிறது.

கடைசித் திருத்தல் சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் நடந்த ஒரு விஷயம். அலையும் மக்களைக் குடியமர்த்தி விவசாயிகளாக்குவதே முன்னேற்றம் என்று அரசுகள் நினைத்தன. அந்த நினைப்பும் இதே கால அட்டவணையின் தர்க்கத்தில்தான் நிற்கிறது. வேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் விவசாயம் என்றால், முதல் ஸ்டேஷனில் நிற்பவனை ரயிலில் ஏற்றிவிடுவது தர்மமாகத் தோன்றும். ஆனால் இன்று கிழங்கு தோண்டி இன்றே தின்று, கேட்டவருக்குக் கொடுத்துப் பழகியவரிடம் விதைநெல்லைக் கொடுத்தால் என்ன ஆகும்? உறவினர் வந்து கேட்பார். மறுப்பது அங்கே அவமரியாதை. விதை பகிர்ந்து தின்னப்படும். வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரி சோம்பேறி என்று குறித்துக்கொள்வார். நடந்தது சோம்பல் அல்ல. பகிர்தல் என்ற பழைய சட்டமும் சேமித்தல் என்ற புதிய சட்டமும் ஒரே குடிசைக்குள் மோதிக்கொண்டன. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் யூப்ரடீஸ் கரையில் பல தலைமுறைகள் எடுத்துக்கொண்ட மாற்றத்தை ஒரு திட்ட அறிக்கை ஐந்து ஆண்டுகளில் எதிர்பார்க்கிறது.

பன்றியும் பயிரும்

மணி எட்டரை. டீச்சர் தாள்களைத் திருப்பிக் கொடுக்கிறார். 250 வார்த்தைகளுக்குள் இதையெல்லாம் அடைக்க முடியாது. அதற்கு அவர் சொல்லும் வழி எளிமையானது. முதல் பத்தி: மாற்றம் மெதுவானது, இடத்துக்கு இடம் வரிசை வேறு, ஆதாரம் உத்நூர், பையம்பள்ளி, அபு ஹுரேரா. இரண்டாவது பத்தி: உடலிலும் குடும்பத்திலும் நடந்தது, ஆதாரம் தேய்ந்த கால்விரல், கஞ்சி, பிரசவ இடைவெளி. மூன்றாவது பத்தி: ஏற்றத்தாழ்வு, விளைச்சலைவிடச் சேமிப்பும் காத்திருப்பும் காரணம், சால்மன் மீனவர்கள் விதிவிலக்கு. கடைசிப் பத்தி: வேட்டைச் சமூகம் மறைந்துவிடவில்லை, விவசாய உலகத்தோடு வியாபாரம் செய்துகொண்டு கூடவே இருந்தது, ஆதாரம் மலைப்பண்டாரம். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெயர், ஒரு இடம், ஒரு காரணம். "ஆகவே" என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எப்படி என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கலைகிறார்கள். குளத்தைத் தாண்டி வராகமூர்த்தி கோயில். பூமியைக் கொம்பில் தூக்கி வந்த பன்றி அங்கே தெய்வம். அதே பன்றி மலையோரக் கிராமங்களில் மரவள்ளித் தோட்டத்தைக் கிளறிப் போடும் எதிரி. பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கக் கேரள அமைச்சரவை 2022-இல் முடிவு செய்தது. வேட்டைக்காரனுக்கு இரையாக இருந்த விலங்கு, விவசாயி வந்த பிறகுதான் குற்றவாளி ஆனது.

நெடுமங்காட்டுப் பையன் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறான். "இதையும் விடையில எழுதலாமா டீச்சர்?"

"எழுதலாம் மக்களே. வார்த்தை மிச்சம் இருந்தா" என்கிறார் டீச்சர்.